பலகையில் ஐந்து பங்கு, எழுத்தில் எத்தனை பங்கு?

கடைகளின் பெயர்ப் பலகையில் தமிழ் இருக்க வேண்டுமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் சட்டப்படி எப்போதோ முடிந்துபோன ஒன்று. தமிழ் முதலில் வர வேண்டும் என்பதும் அப்படியே. ஆனாலும் ஒவ்வொரு சில ஆண்டுகளுக்கும் ஒரு முறை அறிவிப்பு வெளியாகிறது, கெடு விதிக்கப்படுகிறது, ஆய்வு நடக்கிறது. பின்னர் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. வணிகர்களின் அலட்சியம் இதற்கு ஒரு காரணம்தான். மற்றொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. எந்த மொழி முதலில் என்பதை விதி தெளிவாகச் சொல்கிறது. எந்த மொழி எவ்வளவு பெரிதாக என்ற இடத்தில், எதை அளப்பது என்பதைத் தெளிவாக்காமல் விட்டிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கடைவீதிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில், இந்த அளவுப் பிரச்சினையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் விதியைப் பார்ப்போம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்கீழ் 1948-இல் வகுக்கப்பட்ட விதிகளில் 15-ஆவது விதி பெயர்ப் பலகையைப் பற்றியது. பலகை தமிழில் இருக்க வேண்டும். பிற மொழிகளும் இடம்பெற்றால் தமிழ் முதலிலும், ஆங்கிலம் இரண்டாவதாகவும், மற்ற மொழிகள் அதன் பின்னரும் வர வேண்டும். தமிழே மேலோங்கித் தெரிய வேண்டும் என்பது அதன் சாரம். உணவகங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அவற்றுக்குரிய விதிகளில் இதேபோன்ற ஏற்பாடு உண்டு. இவற்றோடு அறிவுறுத்தல்களில் திரும்பத் திரும்ப இடம்பெறுவது 5:3:2 என்ற விகிதம். தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு.

இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு முதன்மையாகத் தொழிலாளர் துறையினுடையது. உள்ளாட்சி அமைப்புகள் அவ்வப்போது துணைக்கு வருகின்றன. நம் மேற்குப் புறநகரில் அந்தத் துணையும் சிதறிக் கிடக்கிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது; 2018-இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. அதை ஒட்டியே இருக்கும் ஆவடி திருவள்ளூர் மாவட்டத்தில், 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த காலத்தில் சென்னை மாநகராட்சி தமிழ்ப் பலகைகளுக்காக ஓர் இயக்கம் நடத்தியது. அப்போது அம்பத்தூர் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. ஒரே சாலையின் கடைகள் இப்படி வெவ்வேறு அலுவலகங்களின் பார்வையில் இருப்பதால், அளவைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவைக்க ஓர் இடம் என்று எதுவும் இல்லாமல் போகிறது.

ஐயம் இதுதான்: ஐந்து பங்கு என்றால் எதில் ஐந்து பங்கு? பலகையின் பரப்பிலா, எழுத்தின் உயரத்திலா? பெயர்ப் பலகை செய்பவர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். பலகையை மூன்று பட்டைகளாகப் பிரிப்பது என்றுதான் பெரும்பாலோர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கணினியில் வடிவமைப்பவருக்கு அதுவே எளிது; ஆய்வுக்கு வருபவருக்கும் பட்டையைப் பார்ப்பது எளிது. ஆனால் வீதியில் நடப்பவர் பட்டையைப் படிப்பதில்லை, எழுத்தைப் படிக்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எவ்வளவு என்பதை ஒரு கணக்கு மூலம் காட்டலாம்.

பத்து அடி அகலமும் மூன்று அடி உயரமும் கொண்ட பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறு கடைகளுக்கு இது சாதாரண அளவு. கடையின் பெயர் ‘மாடர்ன் எலெக்ட்ரிக்கல்ஸ் அண்டு ஹார்டுவேர்ஸ்’ என்று கற்பனை செய்துகொள்வோம். தமிழும் ஆங்கிலமும் மட்டுமே இடம்பெறுகின்றன. 5:3 என்ற விகிதத்தில் 36 அங்குல உயரத்தைப் பிரித்தால், தமிழ்ப் பட்டைக்கு இருபத்திரண்டரை அங்குலமும் ஆங்கிலப் பட்டைக்குப் பதின்மூன்றரை அங்குலமும் கிடைக்கும். தமிழுக்குத் தாராளமாகவே இடம் ஒதுக்கியதுபோல் தோன்றும்.

இப்போது எழுத்தை அந்தப் பட்டைக்குள் வைத்துப் பாருங்கள். இரு ஓரங்களிலும் மூன்று அங்குலம் விட்டால், எழுதுவதற்குக் கிடைக்கும் அகலம் 114 அங்குலம். தமிழ் வடிவில் இந்தப் பெயர் 22 எழுத்துகளைக் கொண்டது. ஆனால் கொம்பும் துணைக்காலும் தனித்தனியே இடம் பிடிப்பதால் 26 வடிவங்கள் ஆகின்றன. சொற்களுக்கு இடையே மூன்று இடைவெளிகள். தடித்த எழுத்துருக்களில் தமிழ் வடிவம் ஒன்று சராசரியாகத் தன் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான அகலம் கொள்ளும், கணக்குக்காக 1.1 மடங்கு என்று கொள்வோம். ஆங்கிலப் பேரெழுத்து தன் உயரத்தில் ஏறத்தாழ 0.7 பங்கு அகலத்தில் அடங்கிவிடும். எழுத்துருவுக்கு எழுத்துரு இந்த எண்கள் மாறும். ஆனால் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பது பெரும்பாலும் மாறாது.

இந்தக் கணக்குப்படி, ஒரே வரியில் எழுதினால் தமிழ் எழுத்தின் உயரம் சுமார் மூன்றரை அங்குலத்தைத் தாண்ட முடியாது. தாண்டினால் பெயர் பலகைக்கு வெளியே போய்விடும். அதே அகலத்தில் 29 ஆங்கில எழுத்துகளும் மூன்று இடைவெளிகளும் ஐந்து அங்குல உயரத்தில் அடங்கிவிடுகின்றன. அதாவது, தமிழுக்கு எட்டில் ஐந்து பங்கு பரப்பு கொடுத்த பின்னரும், ஆங்கில எழுத்து தமிழ் எழுத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெரிதாக நிற்கிறது. தமிழ்ப் பட்டையில் பெரும்பகுதி வெறும் வண்ணமாகக் கிடக்கிறது. விகிதம் காக்கப்பட்டது, விகிதத்தின் நோக்கம் கைவிட்டுப் போனது.

இதற்குக் காரணம், பட்டையின் உயரம் ஒரு பக்கம் தாராளமாக இருந்தாலும் அகலம் எழுத்தைக் கட்டிப்போட்டுவிடுவதுதான். பொருளியலில் பல வளங்கள் இருக்கும்போது எது உண்மையில் பற்றாக்குறையாக இருக்கிறதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கும் என்று மாணவர்களுக்குச் சொல்வோம். இங்கே பற்றாக்குறை அகலத்தில். விதியோ, பட்டை முறையில் படித்தால், உயரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது.

தீர்வு கடினமானதன்று. அதே பெயரைத் தமிழில் இரண்டு வரிகளாக, ‘மாடர்ன் எலெக்ட்ரிக்கல்ஸ்’ என்று மேலேயும் ‘அண்டு ஹார்டுவேர்ஸ்’ என்று கீழேயும் எழுதினால், எழுத்தின் உயரம் ஆறரை அங்குலம் வரை போகலாம். மேல்விலங்குக்கும் கீழ்விலங்குக்கும் இடம் விட்டு இரண்டு வரிகளும் இருபத்திரண்டரை அங்குலப் பட்டைக்குள் அடங்கிவிடும். அதற்கு ஏற்ற ஆங்கில எழுத்து, 5:3 என்று வைத்தால், ஏறத்தாழ நான்கு அங்குலம் இருக்க வேண்டும். ஐந்து அங்குலத்தில் இருக்கும் எழுத்தை ஓர் அங்குலம் குறைத்தால் போதும். பலகையின் விலை கூடப்போவதில்லை. வடிவமைப்பவர் கணினியில் சில நிமிடங்கள் கூடுதலாகச் செலவிட வேண்டும்.

பெயரையே தமிழில் அமைத்தால் என்ன ஆகும் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. ‘மாடர்ன் மின்சாமான் இரும்புக் கடை’ என்று எழுதினால் வடிவங்கள் 20 ஆகக் குறைந்து, ஒரே வரியிலேயே எழுத்தின் உயரம் நாலரை அங்குலம் ஆகிவிடும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதுவது பண்பாட்டுக் குறையா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது இடத்தை விழுங்குகிறது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். மெய்யெழுத்துகள் அடுத்தடுத்து வரும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ஒவ்வொரு மெய்யும் புள்ளியோடு தனி எழுத்தாகிறது. சொல் நீள்கிறது, எழுத்து சுருங்குகிறது. தமிழ்ப் பெயர் என்பது இங்கே வாசிப்பு வசதியும்தான்.

இனி, இந்த அளவை உண்மையில் முடிவு செய்வது யார்? கடைக்காரர் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான நேரங்களில் அவர் பலகை செய்யும் இடத்துக்குக் கொண்டுபோவது ஆங்கிலத்தில் அச்சிட்ட விசிட்டிங் கார்டைத்தான். வடிவமைப்பவர் அதைப் பார்த்து ஆங்கிலப் பெயரையும் சின்னத்தையும் நடுவில் நிறுத்துகிறார். மீதி இருக்கும் மேல்விளிம்பில் தமிழை நெருக்கி வைக்கிறார். தமிழ் மேலே இருப்பதால் ‘முதலில்’ என்ற நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. ஆனால் கண் போய் விழுவது நடுவில் உள்ள பெரிய எழுத்தின் மீது.

இன்னொரு வகை, நிறுவனங்கள் இலவசமாக மாட்டித் தரும் பலகை. பெயின்ட், சிமென்ட், குளிர்பானம், கைப்பேசி விற்கும் கடைகளில் இதை எங்கும் காணலாம். பலகையின் பெரும்பகுதி நிறுவனத்தின் ஆங்கிலச் சின்னம். கடையின் பெயர் ஓரத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் 5:3 சரியாகவே இருக்கலாம். முழுப் பலகையையும் அளந்தால் தமிழுக்குப் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. பலகையைத் தன் செலவில் செய்ய முடியாத சிறு வணிகர், அதை இலவசமாகத் தருபவரின் வடிவத்தை ஏற்றுக்கொள்கிறார். அபராதம் விதிக்கப்பட்டால் கட்ட வேண்டியவரும் அவரே. மூன்றாவது வகை, கிளைகள் பல கொண்ட பெரிய நிறுவனங்கள். அவற்றின் பலகை வேறொரு நகரத்தில் உள்ள தலைமையகத்தில் முடிவாகிறது. இங்குள்ள மேலாளருக்கு எழுத்தின் அளவை மாற்றும் அதிகாரமே இருப்பதில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரில் 2023 டிசம்பரில் கன்னட அமைப்புகள் பெயர்ப் பலகைகளுக்கு எதிராகப் போராட்டம் நடத்திய பின்னர், கர்நாடகம் 2024-இல் சட்டத்தைத் திருத்தியது. பலகையில் 60 விழுக்காடு கன்னடமாக இருக்க வேண்டும். அது மேற்பாதியில் வர வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. இது பரப்பை அளக்கும் முறை. நான் மேலே காட்டிய கணக்கின் சிக்கல் இதிலும் எழும். மகாராஷ்டிரம் 2022-இல் வேறு வழியை எடுத்தது. மராத்தி முதலில் வர வேண்டும்; அதன் எழுத்தளவு பலகையில் உள்ள வேறெந்த மொழியின் எழுத்தளவைவிடவும் குறையக் கூடாது என்றது. இது எழுத்தை அளக்கும் முறை. மும்பை சில்லறை வணிகர்கள் நீதிமன்றம் போனபோது, 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு இரண்டு மாதக் கால அவகாசம் தந்து, வழக்குக்குச் செலவழிப்பதைவிடப் பலகைக்குச் செலவழிக்கலாமே என்ற பொருளில் கருத்துச் சொன்னது.

அளவை மிக நுணுக்கமாக வரையறுத்த இடம் கனடாவின் கியூபெக் மாநிலம். 1977-இல் அங்கே வந்த மொழிச் சட்டம் வணிகப் பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இருக்கலாம் என்றது. 1988-இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிற மொழியைத் தடுப்பது கருத்துரிமைக்கு முரண், ஆனால் பிரெஞ்சு மேலோங்கி இருக்க வேண்டும் என்று கோருவதில் தவறில்லை என்று வழிகாட்டியது. 1993-இல் சட்டம் மாற்றப்பட்டது. ‘மேலோங்கி’ என்றால் என்ன என்பதையும் விதிகளில் எழுதினார்கள். ஒரே பலகையில் இரு மொழிகளும் இருந்தால், பிரெஞ்சுக்கு ஒதுக்கும் இடமும் இரு மடங்கு, பிரெஞ்சு எழுத்தின் அளவும் இரு மடங்கு. இடம், எழுத்து இரண்டையும் தனித்தனியே சொன்னதால் ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க வழியில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் ஆங்கில வணிகச் சின்னத்தைக் காட்டித் தப்பித்துவந்த வழியும், 2025 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தால் பெரும்பாலும் அடைபட்டது. நம் இலவசப் பலகைகளுக்கும் கிளை நிறுவனங்களுக்கும் பொருந்தும் பாடம் இது.

அபராதத்தைப் பற்றியும் ஒரு சொல். நெடுங்காலம் 50 ரூபாயாக இருந்த தொகை இப்போது 2,000 ரூபாய் என்று அறிவிக்கப்படுகிறது. ஒளிரும் எழுத்துகள் கொண்ட பலகை ஒன்றை மாற்றும் செலவு இதைப் போலப் பல மடங்கு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வைப் பொருளியலார் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்தபோது, தாமதம் குறைவதற்குப் பதில் ஏறத்தாழ இரு மடங்கானது. அபராதத்தைக் கட்டணமாக எடுத்துக்கொண்டார்கள். பலகைக்கான அபராதமும் செலவைவிடச் சிறியதாக இருக்கும்வரை, பழைய பலகையை வைத்துக்கொள்வதற்கான கட்டணமாகவே வணிகருக்குத் தோன்றும். தொகையை உயர்த்திக்கொண்டே போவதும் சரியன்று. அது பெரிய நிறுவனத்தைத் தொடாது, மளிகைக் கடையை நசுக்கும். பலகை மாட்டிய பிறகு தண்டிப்பதைவிட, செய்யப்படும்போதே சரியாக அமைவதுதான் எல்லோருக்கும் மலிவு.

அப்படியானால் மூன்றாவது மொழி? ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை முதல் விமானப்படை நிலையம் வரை பாதுகாப்புத் துறையின் அமைப்புகள் பல உள்ளன. இந்தியாவின் எல்லா மாநிலக் குடும்பங்களும் அங்கே வாழ்கின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்வோரில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தவர்கள் ஏராளம். திருவள்ளூர் மாவட்டம் ஆந்திர எல்லையில் இருப்பதால் தெலுங்கு இங்கே புதிய மொழியே அன்று. இவர்களுக்காக ஒரு மருந்துக்கடையோ உணவகமோ மூன்றாவது மொழியில் ஒரு வரி எழுதினால், அதை நம் விதி தடுக்கவில்லை. அதற்கென்று இரண்டு பங்கு வைத்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பாத்தூர் நகராட்சிக் கட்டடப் பலகையில் மராத்திக்குக் கீழே உருது இருந்ததை எதிர்த்த வழக்கில், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உருதுவை அகற்ற மறுத்தது. மாநில மொழி தன் இடத்தில் இருக்கும்போது, மக்கள் புரிந்துகொள்ளும் மற்றொரு மொழியைச் சேர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை என்பதே அதன் சாரம். மேற்குப் புறநகரில் தமிழ் எழுத்தைச் சிறியதாக்குவது பெரும்பாலும் ஆங்கிலமும் வணிகச் சின்னமும்தான். மூன்றாவது வரியின் மீது கோபப்படுபவர்கள் முதல் இரண்டு வரிகளை ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது.

என் பரிந்துரைகள் மூன்று. ஒன்று, 5:3:2 என்பது எழுத்தின் உயரத்துக்கான விகிதம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். கொம்பு, விலங்கு, புள்ளி ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்காமல், ‘க’, ‘ப’ போன்ற எழுத்தின் உடல் உயரத்தை அளவாகக் கொள்ளலாம். ஆங்கிலத்துக்குப் பேரெழுத்தின் உயரம். ஒரு சாதாரண அளவுகோலே போதும். நிறுவனச் சின்னத்தின் எழுத்தும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். இரண்டு, விகிதத்தோடு ஒரு குறைந்தபட்ச அளவும் தேவை. விகிதம் மட்டும் இருந்தால் எல்லா எழுத்தையும் சிறிதாக்கியும் அதை நிறைவேற்றிவிடலாம். வசதியாகப் படிக்கப் பத்து அடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்பது பலகைத் தொழிலில் புழங்கும் பொதுக் கணக்கு. அறுபது அடித் தொலைவில் சாலையின் எதிர்ப்புறம் நிற்பவருக்கு ஆறு அங்குலம் வேண்டும். நாம் பார்த்த மூன்றரை அங்குலத் தமிழ் அவருக்கு எளிதில் எட்டாது. மூன்று, தொழில் உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும் பலகையின் வடிவப்படத்தை அளவுகளோடு கேட்டுப் பெறலாம். இலவசப் பலகை என்றால் பொறுப்பு அதைத் தருபவருக்கும் உண்டு என்று சேர்க்கலாம்.

இதில் இழப்பு யாருக்கு என்று கேட்டால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவருக்கு. இரவில் மருந்துக்கடையைத் தேடும் முதியவர், புதிதாகக் குடிவந்த பகுதியில் மருத்துவமனையின் பெயரைத் தேடும் தாய், பேருந்திலிருந்து இறங்கி முகவரி விசாரிக்கும் உறவினர் ஆகியோருக்குப் பலகைதான் வழிகாட்டி. பட்டை எவ்வளவு பெரியது என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை. எழுத்து கண்ணுக்கு எட்டுகிறதா என்பதே பொருட்டு. விதியும் அதையே அளக்கட்டும்.